சனிக்கிழமைப் பாட்டி



எனக்குக் கொடுத்த தலைப்பு இது: "பேரப்பிள்ளைகளை முழுநேரமும் வளர்க்க முடியாது என்று சொல்லலாமா?" தலைப்பைக் கேட்டதும் முன்வரிசைத் தாத்தாக்கள் சிலர் சிரித்தார்கள். பாட்டிகள் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டுதான் பேச வந்திருக்கிறேன்.

சொல்லலாமா என்றால், சொல்லலாம். அதைச் சொல்ல இன்றைக்கு ஒரு கூட்டம் தேவையில்லை. எதைச் சொல்லி மறுப்பது, அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது, கொடுத்த வாக்கை எப்படிக் காப்பது, அந்த வாக்கு யாருக்கு உதவும், யாருக்கு உதவாது? பேச வேண்டியது அங்கேதான் இருக்கிறது. "வாரநாள் முடியாது, சனி ஞாயிறு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பாட்டி சொல்கிறாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கவயலில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ரயில் இருக்கிறது, மூடிய சுரங்கம் இருக்கிறது, தாத்தாவின் நுரையீரல் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். வாரத்துக்கு ஆறு ஷிப்ட், 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கொடு என்று கேட்டோம். சட்டமும் அதைத்தான் சொன்னது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறையை உடைத்த ஆளுக்கு வாரத்துக்கு 48.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயரும் வேண்டாம், லைன் நம்பரும் வேண்டாம். நான் சொல்லச் சொல்ல உங்களுக்கே நாலைந்து வீடுகள் நினைவுக்கு வரும். பாட்டிக்கு அறுபத்து மூன்று வயது. தாத்தா மைன்ஸில் டிரில்லிங் பார்த்தவர், எழுபதை நெருங்குகிறார். மகள் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை, மருமகன் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கிடங்கில் வேலை. பேத்திக்கு ஒன்றரை வயது. நூறு கிலோமீட்டர் வரையிலான தூரத்தை இருவரும் தினமும் ரயிலில் போய் வருகிறார்கள். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால் இரவு எட்டரைக்குத் திரும்புகிறார்கள். பதினைந்து மணி நேரம். கார்மெண்ட்ஸுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. ஆக ஆறு நாள். ஆறு பதினைந்து தொண்ணூறு.

தொண்ணூறு மணி நேரம்! மைன்ஸில் கிட்டத்தட்ட இரண்டு ஆள் பார்க்கிற வேலை. அதை ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டு, அதற்கு "வீட்டில சும்மாதானே இருக்காங்க" என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். ஓவர்டைம் கேட்டு கேட்டில் உட்கார்ந்த ஊர் இது. இந்த ஓவர்டைமை யார் கேட்டோம்?

இதே பாட்டி, "சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பாப்பாவைக் கொண்டுவந்து விடுங்கள், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அழைத்துப் போங்கள்" என்று சொன்னால் அது இருபத்தொரு மணி நேரம். அதில் பாதி நேரம் குழந்தை தூங்கும். தொண்ணூறு எங்கே, இருபத்தொன்று எங்கே? ஒரு பக்கம் அது பாட்டியின் ஆயுளை மீட்டுக் கொடுக்கிறது. இன்னொரு பக்கம், திங்கள் முதல் சனி வரை பகலெல்லாம் அந்தக் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வியை மகளின் மடியில் வைத்துவிட்டுப் போகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்தான் நேர்மையாகப் பேசுகிறவர்.

"காலம் காலமாகப் பாட்டிகள்தானே வளர்த்தார்கள், உனக்கு மட்டும் என்ன வந்தது?" என்று ஒரு வாதம் உண்டு. உறவில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். சரி, தங்கவயலின் காலம் எவ்வளவு காலம்? ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது 1880-ல். வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் யார்? கையிலும் காலிலும் வலு இருந்தவர்கள், உழைக்கிற வயதுக்காரர்கள். பாட்டியும் தாத்தாவும் பெரும்பாலும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை லைன் வீட்டில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தபோது பக்கத்தில் பாட்டி இருந்த வீடு எத்தனை இருந்திருக்கும்? லீவுக்கு ஊருக்குப் போனால் பார்ப்பதுதான் பாட்டி.

அப்படியானால் யார் வளர்த்தார்கள்? அம்மா வளர்த்தாள், எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள், மொத்தத்தில் லைனே வளர்த்தது. அது எப்படி முடிந்தது? ஆண் ஒருவரின் சம்பளத்தில் வீடு ஓடியது. வீடு கம்பெனியுடையது, கரண்ட் கம்பெனியுடையது, காய்ச்சல் வந்தால் கம்பெனி ஆஸ்பத்திரி. பெரும்பாலான வீடுகளில் பகலில் ஒரு பெரியவர் இருந்தார், அதுவும் உழைக்கிற வயதிலிருந்த பெரியவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அன்றைக்கு வேலை போனது மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. அதோடு சேர்ந்து போன இந்தப் பகல்நேரப் பெரியவரை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. ஒரு சம்பளம் பெங்களூரில் போதவில்லை, இரண்டு சம்பளம் தேவைப்பட்டது, அம்மாவும் ரயில் ஏறினாள். மிச்சமிருந்தது பாட்டி. ஆகவே முழுநேரப் பாட்டி என்பது நம் பழைய மரபு அல்ல. சுரங்கம் மூடியபிறகு வந்த ஏற்பாடு. வயது கால் நூற்றாண்டுதான். முன்னோர் பெயரைச் சொல்லி இதை யாரும் நம் தலையில் கட்ட வேண்டாம்.

இன்னொன்று. 2001-ல் நாற்பத்தைந்து வயதில் வேலையை இழந்தவர் இன்றைக்கு எழுபதில் இருக்கிறார். அந்த உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும்.

நம்முடைய தங்கம் குவார்ட்ஸ் பாறையின் நரம்பில் ஓடியது. அதைத் துளைத்தாலும் வெடித்தாலும் சிலிக்கா தூசு. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூசு. அது நுரையீரலில் போய் உட்கார்ந்து தழும்பாகிறது. அதுதான் சிலிகோசிஸ். தழும்பை ஆற்ற மருந்து இல்லை. வேலையை விட்டபிறகும் அது வளரக்கூடியது. அதனால்தான் மைன்ஸை விட்டு இருபது வருடமான ஒருவர் இப்போது திடீரென்று மேடு ஏறமுடியாமல் நிற்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை பத்து கிலோ, இரண்டு வயதில் பதினொன்று, பன்னிரண்டு. தெருவுக்கு ஓடும் அந்தக் குழந்தையைத் துரத்திப் பிடித்துத் தூக்கி வர வேண்டும். மூச்சு இரைக்கும் தாத்தாவால் அது ஆகாது. ஆகவே "தாத்தாவும் பாட்டியும் பார்த்துக்கொள்வார்கள்" என்று நாம் சொல்லும்போது, நடப்பில் பார்ப்பது பாட்டி ஒருத்தி. அவள் குழந்தையையும் பார்க்கிறாள், தாத்தாவையும் பார்க்கிறாள்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து உண்டு. சிலிகோசிஸ் உள்ள நுரையீரலில் காசநோய், அதாவது டிபி, எளிதாகப் பிடித்துக்கொள்ளும். "மைன்ஸ்காரருக்கு இருமல் சகஜம்" என்று நாம் விட்டுவிடுகிறோம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிபி தொற்றினால் அது பெரியவர்களுக்கு வருவதைவிட மோசமான வடிவம் எடுக்கலாம், மூளைவரைக்கும் போகலாம். தாத்தாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை, சாயங்காலம் காய்ச்சல், எடை குறைகிறது என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். சிகிச்சையும் இலவசம். தாத்தாவுக்கு டிபி என்று தெரிந்தால் வீட்டில் உள்ள சின்னக் குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. முழுநேரமோ வார இறுதியோ, பேரக்குழந்தையை வீட்டுக்குள் ஏற்கும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம் இந்தச் சோதனைதான். தொட்டில் கட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

பாட்டிக்கு என்ன ஆகிறது? இதைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துப் பெண்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து கவனித்துவந்த ஓர் ஆய்வு. அதன் ஒரு பகுதி 2014-ல் வெளியானது. ஐம்பத்தேழு முதல் அறுபத்தெட்டு வயதுவரை உள்ள 186 பெண்களுக்கு நினைவாற்றல், கவனம், யோசிக்கும் வேகம் எல்லாம் சோதித்தார்கள். வாரத்தில் ஒரு நாள் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டிகள் நன்றாகச் செய்தார்கள். ஐந்து நாள், அதற்கு மேல் பார்த்துக்கொண்டவர்கள் சில சோதனைகளில் பின்தங்கினார்கள். அது மட்டுமல்ல, பிள்ளைகள் தங்களிடம் அதிகமாக எதிர்பார்க்கிறார்கள் என்ற மனக்குறையும் இந்த ஐந்து நாள் பாட்டிகளிடம் கூடுதலாக இருந்தது. 186 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், மெல்போர்ன் தங்கவயலும் அல்ல. குழந்தையைப் பார்த்ததால் நினைவு மங்கியதா, வேறு காரணமா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் "பேரப்பிள்ளை இருந்தால் பாட்டிக்கு நல்லதுதானே" என்று சொல்கிறவர்களிடம் "எத்தனை நாள்?" என்று ஒரு கேள்வி கேட்க அது போதும்.

நண்பர்களே, மறுப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்று இதுவரை சொன்னேன். இப்போது மறுபக்கம் வருகிறேன். பாட்டிகள் கொஞ்சம் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

"சனி ஞாயிறு பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்கிறோமே, அந்தச் சனி ஞாயிறு மகளுக்கு எதற்கு? நாம் பார்த்த குடும்பத்தையே எடுங்கள். தினமும் ரயிலில் போய் வரும் மகளுக்குச் சனிக்கிழமை வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டில் இருக்கிறாள். ஆறு நாளும் தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போய், தூங்கும் குழந்தையைத் திரும்பி வந்து பார்த்தவள், ஏழாவது நாள் அந்தக் குழந்தை முழித்திருப்பதைப் பார்க்க ஆசைப்படமாட்டாளா? அந்த நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு "நான் உதவுகிறேன்" என்றால் அது உதவியா? அவளுக்குப் பள்ளம் விழுந்திருப்பது திங்கள் முதல் சனி வரை. நாம் ஞாயிற்றுக்கிழமையில் மண் கொட்டுகிறோம்.

பெங்களூரிலேயே குடியிருந்து ஐடி வேலை பார்ப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறை. அவர்கள் வெள்ளி ராத்திரி இங்கே வந்து சேர்ந்தால் ஒரு நாள் குழந்தையோடு இருக்கலாம், ஒரு நாள் தூங்கலாம், துணி துவைக்கலாம், கல்யாணத்துக்குப் போய் வரலாம். அங்கே வார இறுதி உதவி உண்மையிலேயே உதவி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவளுக்கும் மாலில் வேலை பார்ப்பவளுக்கும் சனி ஞாயிறுதான் வேலை அதிகம். வாரத்தில் ஏதோ ஒரு நாள் விடுமுறை வரும். அந்த வீட்டுக்குச் சனி ஞாயிறு உதவி தெய்வம் மாதிரி. கார்மெண்ட்ஸ் மகளுக்கோ, ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் அசந்து தூங்க ஒரு வழி கிடைத்தால் அதுவே பெரிது. ஆகவே வாக்குக் கொடுக்கும் முன் பாட்டி கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உனக்கு எந்த நாள் விடுமுறை?" வார இறுதி என்பது காலண்டரில் இல்லை, மகளின் ஷிப்ட் அட்டையில் இருக்கிறது.

சரி, வாரநாட்களின் பள்ளத்துக்கு என்ன வழி? பாட்டி மறுத்தால் மகள் வேலையை விடுவாளா? நம் ஊரில் பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. பாட்டி "முடியாது" என்றால் அந்தச் சுமை மருமகன் மேல் விழுவதில்லை, நேராக மகள் மேல் விழுகிறது. இதை மறைத்துவிட்டு மறுக்கும் உரிமையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 2017-ல் பேறுகாலச் சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு 26 வாரம் ஆனது. ஐம்பது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் வந்தது. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடும். "வேலைக்குச் சேரும்போது பஸ் உண்டா, கேன்டீன் உண்டா என்று கேட்கிறோமே, காப்பகம் உண்டா, எத்தனை மணிவரை, எந்த வயதுவரை என்று கேட்டீர்களா?" என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்கிறேன்.

ஆனால் இங்கேதான் தங்கவயலின் சிக்கல். காப்பகம் பெங்களூரில் இருக்கிறது, குழந்தை மாரிக்குப்பத்தில் தூங்குகிறது. விடியுமுன் கிளம்பும் அந்த ரயிலில், உட்கார இடமில்லாத பெட்டியில், ஒன்றரை வயதுக் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தோளில் போட்டுக்கொண்டு போய், அதே மாதிரி இரவு திரும்பி வர முடியுமா? நாலு நாள் முடியும். ஐந்தாவது நாள் காய்ச்சல். இங்கே உள்ள அங்கன்வாடியோ மூன்று வயதுக்கு மேல்தான் பிள்ளைகளை உட்கார வைக்கும், அதுவும் மதியம் தாண்டிக் கொஞ்ச நேரம்வரைதான். இரவு எட்டரைவரை யார் திறந்து வைத்திருப்பார்கள்?

ஆகவே கணக்கு கடைசியில் வந்து நிற்கும் இடம் குடியிருப்பு. பாட்டி முழுநேரம் மறுத்தால், குழந்தைக்கு மூன்று, நாலு வயது ஆகும்வரையாவது மகளும் மருமகனும் வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாக வேண்டும். வாரநாளில் குழந்தை காப்பகத்தில், சனி ராத்திரி ரயிலில் இங்கே, ஞாயிறு சாயங்காலம் திரும்ப. இந்த ஏற்பாட்டில்தான் வார இறுதிப் பாட்டிக்கு உண்மையான வேலை இருக்கிறது. வந்து இறங்கும் இரண்டு பேரும் ஓய்ந்துபோய் வருகிறார்கள், வாரம் முழுக்கக் குழந்தையோடு அல்லாடியவர்கள். அவர்கள் தூங்கட்டும் என்று பாட்டி குழந்தையை வாங்கிக்கொள்கிறாள்.

இதற்கு விலை உண்டு. பெங்களூர் வாடகை, அட்வான்ஸ். லைன் வீட்டில் மிச்சமாகிற பணம் அங்கே கரைகிறது. இந்த இடத்தில்தான் மகள் கண்ணில் தண்ணீர் வரும்: "நீ வச்சிக்கிட்டா இந்த வாடகை மிச்சம்மா!" உண்மைதான். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாட்டியின் தொண்ணூறு மணி நேரத்திலிருந்து வருகிறது. அதைத் தெரிந்து கேட்டால் வேறு. தெரியாமல் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நான் கேட்டால், அட்வான்ஸ் பணத்தில் ஒரு பங்கை முடிந்த பாட்டி தாத்தா கொடுக்கலாம் என்பேன். முழுநேரம் மறுத்துவிட்டு ஒரு வருட வாடகையில் கொஞ்சம் கைகொடுப்பது பல வீடுகளில் இரண்டு பக்கத்துக்கும் மலிவு. ஆயிரம், இரண்டாயிரம் பென்ஷனில் ஓடும் வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே வேறு வழி பார்க்க வேண்டும், பெரும்பாலும் இன்னொரு பக்கத்துப் பாட்டியோடு வாரத்தைப் பங்கு போடுவது.

கொடுத்த வாக்கு எப்படிக் கெடுகிறது? நான் பார்த்தவரை சண்டை போட்டுக் கெடுவதில்லை. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடுகிறது. குழந்தைக்கு லேசாக உடம்பு சுடுகிறது. "இந்தச் சூட்டோட ரயில்ல எப்படிக் கூட்டிட்டுப் போறது? ரெண்டு நாள் வச்சிக்கம்மா, புதன்கிழமை அவரு வந்து தூக்கிட்டுப் போவாரு." யார்தான் மாட்டேன் என்பார்கள்? புதன்கிழமை அவருக்கு ஓவர்டைம். சனிக்கிழமை எப்படியும் வரப்போகிறோமே. இப்படி ஒரு வாரம் ஒரு மாதமாகிறது, யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை.

இது நழுவுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தையின் பொருள்களைப் பாருங்கள். வார இறுதிக்கு வரும் குழந்தை ஒரு பையோடு வரும், அந்தப் பையோடு போகும். இரண்டு சட்டை பாட்டி வீட்டுக் கொடியிலேயே தங்கினால் பரவாயில்லை. பால் புட்டி தங்கியது, மருந்து பாட்டில் தங்கியது, குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் வந்தது. பிறகு ஒரு நாள், "இந்தத் தடவை தடுப்பூசியை அங்கயே போட்டுரும்மா" என்று தாய் கார்டு வந்து சேர்கிறது. தாய் கார்டு பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் போன அன்றைக்கு வார இறுதி முடிந்துவிட்டது. அந்தக் குழந்தை இனி உங்கள் முழுநேரப் பொறுப்பு, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே காய்ச்சலுக்கு என்ன என்பதை வாக்குக் கொடுக்கும் அன்றே பேசிவிட வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்பா அல்லது அம்மா ஒருவர் லீவு போட்டு இங்கேயே தங்க வேண்டும்; பாட்டி கூட இருப்பாள். குழந்தையை விட்டுவிட்டு இருவரும் ரயில் ஏறக் கூடாது. அதுபோல தசரா லீவு, கோடை லீவு. பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் "வார இறுதிதான்" என்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் பத்து நாள் என்று சொல்லுங்கள், எந்தப் பத்து நாள் என்றும் சொல்லுங்கள். நான் ஆசிரியையாக இருந்தவள். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தே லீவுக்கு யார் வீட்டில் வளர்ந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். பாட்டி வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு கிலோ ஏறியிருக்கும், எழுத்து மறந்திருக்கும்.

பாட்டி பக்கமும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மாதம் நாலு வாரத்தில் ஒரு வாரம் கோயில் விசேஷம், ஒரு வாரம் பக்கத்து வீட்டுக் காதுகுத்து, ஒரு வாரம் முழங்கால் வலி என்று போனால் அது வாக்கு இல்லை. மகள் அந்த நாளை நம்பி எதையும் திட்டமிட முடியாது. மாதம் இரண்டு வாரம்தான் முடியும் என்றால் இரண்டு என்று சொல்லுங்கள், எந்த இரண்டு என்று சொல்லி அதில் நில்லுங்கள். சைரன் ஊதியதும் ஷிப்ட்டுக்குப் போனவர்களின் வீடு இது, நேரம் தவறாமல் இருப்பது நமக்குப் புதிதல்ல. தாத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. தூக்க முடியாது, சரி. உட்கார்ந்த இடத்தில் கதை சொல்லலாம், பால் காய்ச்சலாம், குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். சிரித்த தாத்தாக்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் பிரியும்போது குழந்தை அழும். பாட்டியைக் கட்டிக்கொண்டு அழும். "தூங்கும்போது நைசாகக் கிளம்பிவிடுவோம்" என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். விழித்துப் பார்த்தால் ஆள் இல்லை என்று ஒரு தடவை கண்ட குழந்தை அடுத்த தடவை தூங்கவே பயப்படும். "பாட்டி, போயிட்டு வரேன், அடுத்த சனிக்கிழமை வரேன்" என்று குழந்தைக்காகச் சொல்லிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அழட்டும். சொன்ன சனிக்கிழமை வந்து சேர்ந்தால் நாலைந்து வாரத்தில் அந்த அழுகை குறையும்.

எப்போதுமே மறுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மகளோ மருமகளோ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஒருவர் இறந்துவிட்டார், கணவன் விட்டுப் போய்விட்டான், இரண்டாவது பிரசவம். இந்த வீடுகளில் "சனி ஞாயிறு மட்டும்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அப்போதும் ஒரு தேதி வேண்டும். "வருகிற ஜூனில் பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை" என்றோ "அவள் நடமாடும்வரை, மூன்று மாதம்" என்றோ சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். முடியும் தேதி இல்லாமல் ஏற்கும் பொறுப்பு, இன்னொரு பிள்ளையின் வீட்டில் பொறாமையையும் கிளப்பும். "அக்கா பிள்ளையை வளர்த்தியே, என் பிள்ளைக்கு மட்டும் கையில வலியா?" என்று தம்பி கேட்பான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவிக்கும் பாட்டிகள் இந்த ஊரில் எனக்குத் தெரிந்தே பலர்.

சுவீடன் நாட்டில் 2024 ஜூலையிலிருந்து ஒரு சட்டம். குழந்தை பிறந்தால் பெற்றோருக்குச் சம்பளம் போல உதவித்தொகையோடு கிடைக்கும் விடுப்பில், ஒவ்வொருவரும் 45 நாள்வரை தாத்தா பாட்டி போன்ற வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அந்த நாட்களில் பாட்டி குழந்தையைப் பார்த்தால் அரசாங்கம் அவளுக்குப் பணம் கொடுக்கிறது. பாட்டி பார்ப்பது வேலை என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, அதற்கும் ஒரு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது.

கடைசியாக ஒன்று, எப்போது சொல்வது? பெரும்பாலான வீடுகளில் எப்போது சொல்கிறோம் தெரியுமா? 26 வார விடுப்பில் இருபத்தைந்தாவது வாரம். மகள் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, "எனக்கு முடியலம்மா" என்கிறோம். அதுவரை "பாக்கலாம், பாக்கலாம்" என்று ஓட்டியிருக்கிறோம். அவளுக்குக் காப்பகம் தேட நேரம் இல்லை, வீடு தேட நேரம் இல்லை, மேலாளரிடம் பேச நேரம் இல்லை. வேலையை விடுவது ஒன்றுதான் மிச்சம். அந்த மறுப்பு நியாயமானதாக இருந்தாலும் அது வந்த நேரத்தால் அநியாயமாகிவிடுகிறது.

வளைகாப்புக்கு எல்லோரும் கூடுகிறோம். ஏழாம் மாதம், சம்பந்தி வீட்டாரும் இருப்பார்கள், மருமகனும் இருப்பான். வளையல் அடுக்கி, கலந்த சாதம் எல்லாம் சாப்பிட்டு முடிந்தபிறகு, பெரியவர்கள் நாலு பேரும் பிள்ளைகள் இருவரும் ஒரு அரைமணி நேரம் உட்காருங்கள். யாருக்கு எந்த நாள் முடியும், யார் உடம்பு எப்படி இருக்கிறது, வீடு எங்கே பார்ப்பது, தொழிற்சாலையில் காப்பகம் உண்டா, அட்வான்ஸுக்கு யார் என்ன தருவது என்று பேசிவிடுங்கள். குழந்தை வர இரண்டு மாதமும், விடுப்பு முடிய அதற்கு மேல் பல மாதமும் இருக்கும். மகள் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வைத்துக்கொள்ளட்டும். வீடு தேட அவளுக்கு நேரம் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. கடைசி வரிசையில் ஓர் அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், தலைவர் அவர்கள் அனுமதித்தால் முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும்.